பெறுபேற்றுத் தாளில் பெயரோ தரமோ பிழையா? அறிகுறியைப் பார்த்து கடிதம் எழுதும் முறை

திருத்தக் கடிதம் மாதக்கணக்கில் கிடப்பதற்கு வழமையான காரணம் அது பிழையான மேசைக்குப் போனதுதான். பல்கலைக்கழகத்தில் பெறுபேற்றுத் தாள் அச்சாகும் இடம் ஒன்று. அதில் ஏறும் பெயர் இருக்கும் இடம் வேறு. தரம் முடிவாகும் இடம் இன்னொன்று. பிழை இந்த மூன்றில் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு அந்தப் பிழையைப் பற்றி மட்டும் எழுதினால் வேலை நகரும். அதைக் கண்டுபிடிக்க கந்தோருக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. உங்கள் கோவையில் உள்ள கடதாசிகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதலில் இவற்றை ஒரு மேசையில் பரப்புங்கள்: பெறுபேற்றுத் தாள், மாணவர் அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டைகள், ஒவ்வொரு பருவத்திலும் வெளியான பெறுபேற்றுப் பட்டியலின் பிரதி அல்லது படம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ். தாளில் பேனாவாலோ வெள்ளை மையாலோ எதையும் தொடாதீர்கள். நீங்களே திருத்திய தாள் திருத்தப்பட்ட தாளாகவே பார்க்கப்படும். லமினேற் செய்யவும் வேண்டாம், அதன் மேல் முத்திரை குத்த முடியாது.

## அறிகுறி 1: பெயர் இந்தத் தாளில் மட்டும் பிழை

மாணவர் அடையாள அட்டையிலும் அனுமதி அட்டையிலும் KIRUSHANTHINI என்று இருக்கிறது, பெறுபேற்றுத் தாளில் மட்டும் KIRUSHANTHINY என்று வந்திருக்கிறது. இது தட்டச்சுப் பிழை. இருப்பதில் மலிவானதும் வேகமாக முடிவதும் இதுதான். பரீட்சைப் பிரிவுக்குப் பொறுப்பான சிரேஷ்ட உதவிப் பதிவாளருக்கோ பிரதிப் பதிவாளருக்கோ நேரே எழுதலாம். சத்தியக்கடதாசி தேவையில்லை, சமாதான நீதவானும் தேவையில்லை.

எழுதும்போது இரண்டு வடிவங்களையும் பெரிய எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மாறியிருக்கும் எழுத்தின் கீழ்க் கோடிடுங்கள். "எனது பெயர் பிழையாக உள்ளது" என்று மட்டும் எழுதினால், இருபது எழுத்துப் பெயரில் எந்த எழுத்து என்று எழுதுவினைஞர் தேட வேண்டும். தேடாமல் அடுத்த கடிதத்துக்குப் போய்விடவும் கூடும்.

முதலெழுத்துகளைத் தனியாகப் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும் நம் பெயர்களில் ஒரு எழுத்து விழுந்தாலே வேறு ஆளாகிவிடும். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இரண்டு மூன்று முதலெழுத்தோடு பெயர் எழுதுவது வழக்கம். அங்கே A.L.M. என்பது A.M.L. ஆக மாறியிருந்தால் கண் சட்டென்று பிடிக்காது. தாளில் முழுப் பெயர் ஒரு வரியிலும் முதலெழுத்தோடு கூடிய பெயர் இன்னொரு வரியிலும் இருந்தால் இரண்டையும் சரிபார்த்து ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

## அறிகுறி 2: பல்கலைக்கழகத்தின் எல்லாக் கடதாசியிலும் அதே பிழை

மாணவர் அடையாள அட்டை, அனுமதி அட்டை, பெறுபேற்றுத் தாள் எல்லாவற்றிலும் ஒரே பிழை இருந்தால் அச்சில் தவறில்லை. அனுமதி பெற்ற நாளில் பதியப்பட்ட பெயரே அப்படி. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தில் நீங்களே அப்படி எழுதியிருக்கலாம், அல்லது பதிவின்போது மாறியிருக்கலாம்.

இந்த இடத்தில் பரீட்சைப் பிரிவுக்கு மட்டும் எழுதுவது வீண். அவர்கள் அதே பதிவிலிருந்து இன்னொரு தாள் அச்சடிப்பார்கள், அதே பிழையோடு. முதலில் மாணவர் அனுமதிகளைக் கையாளும் பிரிவில் பெயர்ப் பதிவைத் திருத்தும்படி பதிவாளருக்கு எழுதுங்கள். "திருத்தப்பட்ட பதிவின்படி பெறுபேற்றுத் தாளை மீள வழங்கும்படி பரீட்சைப் பிரிவுக்கு அறிவிக்கவும்" என்ற ஒரு வரியைக் கடைசியில் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பதிவு திருந்தும், தாள் திருந்தாது.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். நம் பகுதியில் அது தமிழில் இருக்கும். பெயர் தமிழில் சரியாக இருந்தும் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அது சாட்சியாகாது. முகம்மது என்ற ஒரே தமிழ்ப் பெயரை MOHAMED என்றும் MOHAMMED என்றும் எழுதலாம், பிறப்புப் பதிவு இரண்டையும் மறுக்காது. ஆகவே ஆங்கில வடிவத்துக்கு உயர்தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஆங்கிலத்திலும் பெயர் அச்சான புதிய வகை தேசிய அடையாள அட்டை ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இரண்டை இணையுங்கள். அவை இல்லையென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கலாம். எந்த எழுத்துக்கூட்டல் வேண்டும் என்பதை மொழிபெயர்ப்புக்கு முன்னரே அவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வடிவம் ஒன்று பிறக்கும்.

## அறிகுறி 3: உங்கள் கடதாசிகளே ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் வேறொன்று. பல்கலைக்கழகம் இவற்றில் ஒன்றைப் பின்பற்றியிருக்கிறது. அது பல்கலைக்கழகத்தின் பிழையல்ல. இந்த நிலையில் கடிதம் எழுதினால் "உமது ஆவணங்களைச் சீர்செய்து வரவும்" என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலும் நியாயமானது.

வித்தியாசம் சிறியதானால், ஒரே ஆளையே இரண்டு பெயரும் குறிக்கின்றன என்று கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதமும், சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியும் எடுத்தால் பல வேளைகளில் போதும். பிறப்புப் பதிவிலேயே பெயர் பிழை என்றால் அது பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த வேண்டிய விடயம். அதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை, ஆனால் காலம் எடுக்கும். பல்கலைக்கழகக் கடிதத்தை அது முடியும்வரை எழுத வேண்டாம்.

கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்கக் கேட்பது திருத்தம் அல்ல. படித்த காலத்தில் இருந்த பெயர்தான் தாளில் நிற்கும். விண்ணப்பிக்கும் இடத்துக்கு விவாகச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள்.

## அறிகுறி 4: வெளியான பட்டியலில் ஒரு தரம், தாளில் வேறு தரம்

பெயர்ப் பிழையைவிட இது பாரதூரமானது. ஆனாலும் முதலில் எளிய காரணத்தைத் தள்ளுங்கள். அந்தப் பாடத்தை மீண்டும் எழுதினீர்களா? முதல் தடவைத் தரம் தாளில் நிற்கிறது, மீள் பரீட்சைத் தரம் இன்னும் ஏறவில்லை என்றால் அது புதுப்பிக்கப்படாத பதிவு. மீள் பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் C தரத்துக்கு மேல் கொடுக்காத விதி பல பீடங்களில் உண்டு. 70 புள்ளி எடுத்தும் C வந்தது என்றால் உங்கள் பீடத்தின் துணைவிதியைப் பார்த்த பிறகுதான் கடிதத்தைத் தொட வேண்டும்.

இரண்டாவது காரணம் வரிசை நகர்வு. பட்டியலில் இருந்து தாளுக்கு ஏற்றும்போது ஒரு வரி மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். இதை உங்கள் தாளிலேயே கண்டுபிடிக்கலாம்: அடுத்தடுத்த இரண்டு பாடங்களின் தரங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்துச் சுட்டிலக்க மாணவரின் தரம் உங்களுக்கு வந்திருப்பதாகத் தெரிந்தாலும் அவருடைய பெறுபேற்றைக் கடிதத்தில் எழுத வேண்டாம். "சுட்டிலக்க வரிசையில் நகர்வு ஏற்பட்டிருக்கலாம், மூலப் பட்டியலுடன் ஒப்பிடவும்" என்றாலே புரியும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 120 கிரெடிட் கொண்ட நான்கு வருடச் சிறப்புப் பட்டம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்குப் பட்டியலில் B+, தாளில் B-. B+ இன் தரப்புள்ளி 3.3, B- இன் தரப்புள்ளி 2.7, வித்தியாசம் 0.6. அதை மூன்றால் பெருக்கினால் 1.8. தாளில் ஜீபீஏ 3.29 என்று போட்டிருக்கிறது.

```
3.29 x 120 = 394.8
394.8 + 1.8 = 396.6
396.6 / 120 = 3.305
```

இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். ஒரு பாடத்தின் கூட்டல், கழித்தல் அடையாளம் இங்கே வகுப்பையே மாற்றுகிறது. ஆகவே கடிதத்தில் மூன்று விடயம் கேட்க வேண்டும்: தரத்தைத் திருத்துவது, ஜீபீஏயை மீளக் கணிப்பது, வகுப்பை மீளப் பரிசீலிப்பது. தரத்தை மட்டும் கேட்டால் தரம் மட்டுமே திருந்தி, ஜீபீஏ பழையபடி நிற்கும் தாள் வரக்கூடும். வகுப்புக்கு ஜீபீஏ மட்டும் போதாது, குறைந்தபட்சத் தரம், படித்து முடித்த காலம் போன்ற நிபந்தனைகளும் துணைவிதியில் இருக்கும். அதனால் "வகுப்பைத் தரவும்" என்று எழுதாமல் "வகுப்பை மீளப் பரிசீலிக்கவும்" என்று எழுதுங்கள்.

தாள் மட்டும் பிழை, மூதவை ஏற்ற பட்டியல் சரி என்றால் பரீட்சைப் பிரிவே திருத்தி வழங்கலாம். பட்டியலே பிழை என்றால் எந்த விரிவுரையாளரும் தனியே மாற்ற முடியாது. பாட ஆசிரியர், துறைத்தலைவர், பீடாதிபதி, பரீட்சைச் சபை, மூதவை என்று அது ஏறி இறங்க வேண்டும். தெரிந்த விரிவுரையாளருக்கு வட்ஸ்அப்பில் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்கள் மாதங்களை இழப்பது இதனால்தான். அவர் நல்லெண்ணத்தோடு ஓமென்றாலும், எழுத்தில் கடிதம் இல்லாமல் கோவை தொடங்காது.

## அறிகுறி 5: எழுதிய பாடத்துக்கு "சமுகமளிக்கவில்லை" என்று இருக்கிறது

இதற்கு நல்ல சாட்சி நீங்கள் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டிய அனுமதி அட்டை. பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மேற்பார்வையாளர் ஒப்பமிடும் கட்டம் அதில் இருந்தால், அந்த ஒப்பம் நீங்கள் அன்று இருந்ததற்கான சாட்சி. அந்தக் கட்டம் தெளிவாகத் தெரியும் பிரதியை இணையுங்கள். மண்டப வரவுப் பதிவில் உள்ள கையொப்பத்தையும் விடைத்தாள் கட்டையும் சரிபார்க்கும்படி கேளுங்கள். திகதி, வேளை, மண்டபம் மூன்றும் கடிதத்தில் வேண்டும்.

காரணம் பெரும்பாலும் விடைத்தாளின் முகப்பில் சுட்டிலக்கம் பிழையாக எழுதப்பட்டதாக இருக்கும். ஒரு இலக்கம் மாறி எழுதிய நினைவு இருந்தால் ஒளிக்காமல் அதையும் எழுதுங்கள். தேடும் வேலை பாதியாகிவிடும். மண்டபத்தில் இருந்தும் தொடர் மதிப்பீட்டுப் புள்ளி வந்து சேராததால் பெறுபேறு முழுமையாகாமல் நிற்பதும் உண்டு. அப்போது கடிதம் முதலில் துறைத்தலைவருக்குப் போக வேண்டும், ஒப்படைத்த ஒப்படைகளின் பிரதியோடு.

## அறிகுறி 6: எல்லா இடத்திலும் ஒரே தரம், ஆனால் அது குறைவு என்று நினைக்கிறீர்கள்

இதற்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டாம். இது மீள்பரிசீலனை விண்ணப்பம். படிவமும் கட்டணமும் முடிவுத் திகதியும் பெறுபேறு வெளியான அறிவித்தலோடு வரும், திகதி போனால் கதவு மூடிவிடும். இதைத் திருத்தக் கடிதமாக எழுதி, "பிழை" என்ற சொல்லைப் பாவித்து, பரீட்சகரைக் குற்றம் சொல்லி அனுப்பினால் பதில் தாமதிக்கும், அதற்குள் மீள்பரிசீலனைக் காலமும் போய்விடும்.

## கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதலாம், கிழக்கில் நிருவாக மொழி தமிழ்தான். பெயர், பாடக் குறியீடு, தரம் ஆகியவற்றை மட்டும் தாளில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். படித்துக்கொண்டிருப்பவர் துறைத்தலைவர், பீடாதிபதி ஊடாக அனுப்புவது வழக்கம். பட்டம் முடித்தவர் நேரே அனுப்பலாம்.

முகவரியில் பீடத்தின் இடத்தையும் பரீட்சைப் பிரிவின் இடத்தையும் குழப்ப வேண்டாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது, மைய நிருவாகம் ஒலுவிலில். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்லடியில் நுண்கலை படித்தவருக்கும் மட்டக்களப்பு நகரில் சுகாதாரம் படித்தவருக்கும் மைய நிருவாகம் வந்தாறுமூலையில்தான். பொத்துவிலில் இருந்து வந்தாறுமூலைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். எந்தக் கந்தோர் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.

அறிகுறி 4 இன் உதாரணத்துக்கு கடிதம் இப்படி அமையும்:

> (உங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்)
> (திகதி)
>
> சிரேஷ்ட உதவிப் பதிவாளர் (பரீட்சைகள்),
> (பல்கலைக்கழகம், இடம்)
>
> ஐயா/அம்மணி,
>
> பெறுபேற்றுத் தாளில் உள்ள தரப் பிழையைத் திருத்தல். பதிவு இல: ........ சுட்டிலக்கம்: ........
>
> மேற்படி இலக்கத்தின் கீழ் (பீடம், துறை) இல் பயின்ற எனக்கு (திகதி) இல் வழங்கப்பட்ட பெறுபேற்றுத் தாளில், இரண்டாம் வருட இரண்டாம் பருவப் பாடமாகிய (குறியீடு, பெயர், 3 கிரெடிட்) இற்கு B- எனப் பதிவாகியுள்ளது. (திகதி) இல் வெளியான பெறுபேற்றுப் பட்டியலில் அப்பாடத்துக்கு எனது தரம் B+ ஆகும். இப்பாடத்துக்கு நான் ஒரு தடவை மட்டுமே தோற்றியுள்ளேன்.
>
> எனவே, மூலப் பட்டியலுடன் ஒப்பிட்டு இத்தரத்தைத் திருத்தி, ஜீபீஏயை மீளக் கணித்து, வகுப்பையும் மீளப் பரிசீலித்து, திருத்திய தாளை வழங்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். மூலத் தாளைக் கேட்கும்போது ஒப்படைப்பேன்.
>
> இணைப்பு: 1. பெறுபேற்றுத் தாளின் பிரதி 2. பெறுபேற்றுப் பட்டியலின் பிரதி 3. அனுமதி அட்டையின் பிரதி 4. தேசிய அடையாள அட்டையின் பிரதி
>
> இங்ஙனம்,
> (ஒப்பம், தாளில் உள்ளபடி பெயர்)

"ஒரு தடவை மட்டுமே தோற்றியுள்ளேன்" என்ற வசனம் சிறியது, ஆனால் மீள் பரீட்சையா என்ற கேள்வியை அது அங்கேயே மூடிவிடுகிறது. இல்லாவிட்டால் அதைக் கேட்கவே ஒரு கடிதம் வரும்.

மூலத் தாளை முதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டாம். நேரே கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் செய்து வையுங்கள்.

## பதில் வரவில்லை: எப்போது யாரிடம் போவது

அச்சுப் பிழைக்கு மூன்று நான்கு வாரம் பொறுத்து, முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். மூதவைக்குப் போக வேண்டிய தரத் திருத்தத்துக்கு இரண்டு அமர்வுகளாவது விட வேண்டும். எந்த அமர்வில் எடுக்கப்படும் என்று கேட்கலாம், அது உரிமையான கேள்வி.

அதன் பிறகும் மௌனம் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். விடைத்தாளைக் கேட்க வேண்டாம், இரகசியமாகப் பேண வேண்டிய பரீட்சைத் தகவலை மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடம் உண்டு. "எனது (திகதி) கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, தற்போது எந்தப் பிரிவில் உள்ளது" என்று கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்.

திருத்த முடியாது என்று எழுத்தில் மறுப்பு வந்து, அதனால் வகுப்போ வேலை வாய்ப்போ பறிபோகிறது என்றால் அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நினைவூட்டல் எழுதிக்கொண்டே அந்த மாதத்தைக் கடத்திவிடாதீர்கள். திகதி முத்திரை உள்ள பிரதிகளை அவரிடம் முதலிலேயே கொடுங்கள்.

## புதிய தாள் கைக்கு வந்ததும்

கருமபீடத்தை விட்டு நகர முன் பெயரை எழுத்து எழுத்தாக, பிறகு பதிவு இலக்கம், திருத்திய பாடத்தின் தரம், ஜீபீஏ, வகுப்பு, ஒப்பம், முத்திரை என்று வாசியுங்கள். திருத்தாத மற்றப் பாடங்களையும் பாருங்கள், மீள அச்சடிக்கும்போது இன்னொரு வரி நகர்ந்திருக்கலாம். பழைய தாளை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பழைய தாளின் பிரதியை ஏற்கனவே எங்காவது விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தாலோ கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தியிருந்தாலோ, புதிய தாளுக்கு அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பட்டச் சான்றிதழிலும் அதே பெயர்ப் பிழை இருந்தால் அது தனிக் கோரிக்கை, தனிக் கடிதம்.